பாட்காஸ்ட் தலைப்பும் குறிப்பும்: பட்டா எபிசோடை ஆள் தேடி வந்த கதை

எங்கள் பாட்காஸ்டில் பேசுவது நானும் என் தாய்மாமாவும். மாமா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டா, பத்திரம், வில்லங்கம், பாகப் பிரிவினை என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் கணினியில் குப்பை கொட்டுபவன். 2021இல் வீட்டில் சும்மா இருந்த நாட்களில், அவர் பேச்சைப் பதிவு செய்து போட்டால் என்ன என்று தொடங்கியது. நிலம் சம்பந்தமாக ஒரு எபிசோடுக்கு ஒரு விஷயம், இருபத்தைந்து நிமிடம். அவ்வளவுதான் திட்டம்.

பதினான்காவது எபிசோடுக்கு நான் வைத்த தலைப்பு இது: "எபிசோட் 14: மாமாவும் மஞ்சள் பையும்".

அந்த எபிசோடில் மாமா ஒரு கதை சொல்வார். அப்பா இறந்தபின் மூன்று பிள்ளைகள் பெயரில் கூட்டுப் பட்டா வாங்கிய குடும்பம் அது. அதைத் தனித்தனியாகப் பிரிக்க மூத்தவர் ஒரு மஞ்சள் பையில் எல்லாக் காகிதத்தையும் திணித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார். பையில் எல்லாம் இருக்கும், தேவையான ஒன்று மட்டும் இருக்காது. அருமையான கதை. தலைப்பு வைத்தபோது எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். ஆனால் கூட்டுப் பட்டாவைப் பிரிப்பது எப்படி என்று தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் அந்த எபிசோடை, அது தேவைப்படுகிற ஓர் ஆள்கூடத் தேடிக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பில்லை. மஞ்சள் பை என்று யார் தேடுவார்கள்? தேடினாலும் ஜவுளிக்கடைப் பைதான் வரும்.

இதை எனக்குச் சுட்டிக் காட்டியது மாமாதான். பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவரிடம் கூட்டுப் பட்டா பற்றிக் கேட்க, "அதைப் பத்தி ரேடியோல பேசியிருக்கேன், போட்டுக் கேளு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் நிகழ்ச்சியை ரேடியோ என்றுதான் சொல்வார். அந்த ஆளும் அங்கேயே போனை எடுத்து "கூட்டு பட்டா" என்று தட்டியிருக்கிறார். எதுவும் வரவில்லை. மாமா வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், முப்பது வருஷம் அந்த மேஜையில உட்கார்ந்திருக்கேன். வர்றவன் ஒருத்தனாவது 'சார், மஞ்சள் பை'ன்னு கேட்டிருக்கானா? 'சார், அப்பா பேர்ல இருக்கு, எங்க பேருக்கு மாத்தணும்'னு கேப்பான். 'கூட்டா இருக்கு, பிரிச்சுக் குடுங்க'ன்னு கேப்பான். அவன் கேக்குறதை எழுதி வையேன்."

தேடல் பற்றி நான் பிறகு படித்ததெல்லாம் இந்த ஒரு பேச்சுக்கு விரிவுரைதான். ஆனால் விரிவுரையும் தேவைப்பட்டது. மாமாவின் மேஜைக்கு முன்னால் நிற்பவர் பேசுகிறார், மாமா புரிந்துகொள்கிறார். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை மாதிரி பாட்காஸ்ட்களைத் தொகுத்துத் தேடித் தரும் டைரக்டரிக்கு முன்னால் நிற்பவர் தட்டச்சு செய்கிறார். அதைப் புரிந்துகொள்ளும் இயந்திரத்துக்குத் தமிழில் சில இடங்களில் காது கொஞ்சம் மந்தம்.

முதலில் எந்த டைரக்டரி எதைப் படிக்கிறது என்று பார்த்தேன். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் தன் தேடலைப் பற்றிப் படைப்பாளிகளுக்குச் சொல்லும்போது மூன்றை முன்னிறுத்துகிறது: நிகழ்ச்சியின் பெயர், சேனலின் பெயர், எபிசோட் தலைப்பு. இவற்றோடு எவ்வளவு பேர் கேட்கிறார்கள், தேடி வந்தவர்கள் எதைத் தட்டுகிறார்கள் என்பதும் சேரும். ஆக, நான் குறிப்புப் பகுதியில் உருகி உருகி எழுதியதைவிட அங்கே தலைப்பில் வைக்கும் ஒரு சொல்லுக்கு எடை அதிகம். ஸ்பாட்டிஃபை வேறு மாதிரி. 2022 மார்ச்சில் அவர்களுடைய பொறியாளர்கள் எபிசோட் தேடலை மாற்றியதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அதுவரை தட்டிய சொல்லும் எபிசோடில் இருக்கும் சொல்லும் அப்படியே பொருந்த வேண்டியிருந்தது. புதிய முறையில் எபிசோடின் தலைப்பு, குறிப்பு, நிகழ்ச்சியின் பெயர், விளக்கம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் பொருளை எண்களாக மாற்றி, கேள்வியின் பொருளோடு ஒப்பிடுகிறார்கள். சொல் பொருந்தும் பழைய முறையையும் கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. அங்கே குறிப்புக்கு நல்ல வேலை இருக்கிறது. ஆனால் அது படிக்கத் தோதான வாக்கியமாக இருக்க வேண்டும். சொற்களை மூட்டையாகக் கட்டி வைத்தால் அதில் ஒப்பிடுவதற்குப் பெரிதாகப் பொருள் எதுவும் இருக்காது.

கூகுள் தனி. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டது. தேடல் பக்கத்திலேயே எபிசோடை ஓடவிடும் வசதியை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இப்போது கூகுள் வழியாக ஒருவர் நம்மிடம் வர வேண்டுமென்றால் அவர் ஏதாவது ஒரு வலைப்பக்கத்துக்குத்தான் வர வேண்டும். அது நம்முடைய தளத்தில் அந்த எபிசோடுக்கு இருக்கும் பக்கமாகவோ, ஆப்பிள், ஸ்பாட்டிஃபை தளங்களில் அதே எபிசோடுக்கு இருக்கும் பக்கமாகவோ இருக்கலாம். மூன்றிலும் பக்கத்தின் தலைப்பாக நிற்பது எபிசோட் தலைப்பேதான்.

எல்லா வழியும் தலைப்புக்கே வந்து சேர்ந்ததால் பதினான்காம் எபிசோடின் தலைப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் "எபிசோட் 14" என்பதைத் தூக்கினேன். செயலிகள் நம் எபிசோடுகளின் விவரத்தைப் படித்தெடுக்கும் கோப்புதான் ஃபீட். வரிசை எண்ணுக்கு அதில் தனி இடம் இருக்கிறது, `itunes:episode` என்று. 2017இல் ஆப்பிள் கொண்டுவந்தது. எண்ணை அங்கே போட்டால் போதும், தலைப்பில் போட வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். கைபேசித் திரையில் தமிழ்த் தலைப்பு நான்கைந்து சொல்லுக்குள் மூன்று புள்ளியாகி மறைந்துவிடுகிறது. அந்த நான்கில் இரண்டை நான் "எபிசோட்" என்ற சொல்லுக்கும் 14 என்ற எண்ணுக்கும் தாரை வார்த்திருந்தேன்.

அடுத்து, மாமா சொன்னபடியே "அப்பா பெயரில் உள்ள நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்குப் பிரிப்பது எப்படி?" என்று மாற்றினேன். பேச்சுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முக்கியமான சொல்லான பட்டா அதில் எங்குமே இல்லை. தவிர, தலைப்பு வெட்டப்பட்டால் "அப்பா பெயரில் உள்ள…" என்று நிற்கும். ஏதோ நாடகத் தலைப்பு மாதிரி.

மூன்றாவது முயற்சியில்தான் மெதுமெதுவாகப் புரிந்தது. சோதனைக்காக "பத்திரத்தை மாற்றிக்கொடுத்த தம்பி" என்ற இன்னொரு எபிசோடை நானே ஒரு செயலியில் தேடிப் பார்த்தேன். "பத்திரத்தை" என்று தட்டினால் வந்தது. "பத்திரம்" என்று தட்டினால் வரவில்லை. எனக்கு முதலில் செயலி கெட்டுவிட்டதோ என்றுதான் தோன்றியது. பிறகு இரண்டு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன்.

பத்திரம். பத்திரத்தை. "பத்திர" வரைக்கும் ஒன்று, பிறகு ஒன்றில் "ம்", மற்றதில் "த்தை". "பத்திரம்" என்ற சொல் "பத்திரத்தை" என்ற சொல்லுக்குள் எங்குமே இல்லை. மகர ஈற்றுச் சொல் வேற்றுமை ஏற்கும்போது அத்துச் சாரியை பெறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இப்படி வந்து காலை வாரும் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் பின்னால் ஒட்டு சேர்ந்தால் பெரும்பாலும் முன்பாதி அப்படியே இருக்கும், சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடும் எந்த இயந்திரமும் அதைப் பிடித்துவிடும். தமிழில் ஈறே மாறுகிறது. நிலம், நிலத்தை. வீடு, வீட்டை. காடு, காட்டில். தமிழ்ச் சொல்லின் ஒட்டுகளை நீக்கி வேரைக் காட்டும் நிரல்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் நாம் கேட்கும் ஒவ்வொரு செயலியும் அதைப் போட்டிருக்கும் என்று நம்பித் தலைப்பு வைக்க முடியாது. தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், எனக்குத் தெரிந்தது போல.

எங்கள் துறையைப் பாருங்கள்: நிலம், பத்திரம், கிரயம், அடமானம், வில்லங்கம், பாகம். எல்லாம் மகர ஈறு! தேடுபவர் பெரும்பாலும் சொல்லை வெறும் எழுவாயாகத்தான் தட்டுவார். "கிரயம்", "அடமானம்" என்று. நான் தலைப்பில் அழகாக வேற்றுமை உருபெல்லாம் சேர்த்து "அடமானத்தில் இருந்து மீண்ட காடு" என்று வைப்பேன். இருவரும் ஒரே சொல்லின் இரண்டு பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்விடுவோம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். எந்தச் சொல்லைத் தேடி ஆள் வருவாரோ, அதை உருபு இல்லாமல் எழுவாயாகத் தலைப்பின் தொடக்கத்தில் வைத்துப் பக்கத்தில் முக்காற்புள்ளி போடுவது. முக்காற்புள்ளி அந்தச் சொல்லை வாக்கியத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிடுகிறது. பிறகு வரும் பகுதியில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். "பத்திரம்: பெயர் பிழையாக இருந்தால் திருத்துவது எப்படி?" "அடமானம்: கடன் தீர்ந்த பிறகு மறக்கக் கூடாத ஒரு வேலை".

பதினான்கு இப்படி முடிந்தது: "கூட்டுப் பட்டா: அண்ணன் தம்பி தனிப் பட்டா வாங்குவது எப்படி?"

ஒற்றெழுத்து ஒன்று இடித்தது. கல்யாண வீட்டு ஆள் தட்டியது "கூட்டு பட்டா", ஒற்று இல்லாமல். நான் எழுதியது "கூட்டுப் பட்டா". சிலர் "கூட்டுபட்டா" என்று சேர்த்தும் எழுதுகிறார்கள். தலைப்பில் ஒற்றை எடுத்துவிடலாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன். மனசு வரவில்லை. என் அம்மா தமிழாசிரியை, அவரும் எங்கள் எபிசோடுகளைக் கேட்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். முடிவில் தலைப்பில் இலக்கணப்படியே விட்டுவிட்டு, குறிப்பின் முதல் வாக்கியத்தை இரண்டு சொல்லும் தனித்து நிற்கும்படி எழுதினேன்: "பட்டா கூட்டு, அதாவது அண்ணன் தம்பி எல்லோர் பெயரும் ஒன்றாக இருந்தால்…" என்று. பேச்சு வழக்கில் அப்படித்தானே சொல்கிறோம், அதனால் துருத்திக்கொண்டும் தெரியவில்லை.

ஆட்சேபம் ஒன்று வரும், எனக்கே வந்தது: எல்லாத் தலைப்பும் "எப்படி?" என்று முடிந்தால் நிகழ்ச்சி அரசு அலுவலகத்து அறிவிப்புப் பலகை மாதிரி ஆகிவிடாதா? ஆகும்தான். ஏற்கெனவே நம்மைக் கேட்கிறவர்களுக்கு "மஞ்சள் பை" பிடித்திருந்தது. அவர்களுக்கு எதைப் பற்றியது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை, மாமா பேசினால் போதும். அதனால் மஞ்சள் பையைக் குறிப்புக்குள் கொண்டுபோனேன், தூக்கி எறியவில்லை. தொடர்கதையாகச் சொல்லும் பாட்காஸ்டாக இருந்தால் நான் இந்த வேலையே செய்திருக்க மாட்டேன். கதைக்கு வருபவர் நிகழ்ச்சியின் பெயரைத் தேடி வருவார், தனி எபிசோடைத் தேடி வர மாட்டார். எங்களுக்கு வருபவர் கையில் ஒரு பிரச்சினையோடு வருகிறார். எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. விருந்தினர் பெயருக்கும் இதே கணக்குத்தான். ஊருக்கே தெரிந்த ஆளாக இருந்தால் பெயரை முன்னால் போடலாம். எங்களுக்கு வந்த ஒரு நில அளவையரின் பெயரைத் தலைப்பில் போட்டிருந்தேன். அவர் வீட்டாரைத் தவிர யார் தேடப் போகிறார்கள்? "நில அளவையர்" என்று மாற்றினேன். அவருக்கும் வருத்தமில்லை.

எதிர்ப்பக்கத்து ஆசையும் வந்தது. தலைப்புக்குப் பின்னால் கோடு போட்டு `patta transfer online | patta chitta | EC tamil` என்று அடுக்கிவிடலாமே என்று. யூடியூபில் அப்படி எத்தனையோ பார்க்கிறோம், கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெரியப்பா பெயரையெல்லாம் அடுக்குவது போல. பாட்காஸ்ட் டைரக்டரியில் இதற்கு விலை உண்டு. தலைப்பிலும் ஆசிரியர் பெயரிலும் தேடல் சொற்களைத் திணித்தால் நிகழ்ச்சியையே நீக்கலாம் என்று ஆப்பிளின் விதி இருக்கிறது. `itunes:keywords` என்ற பழைய குறிச்சொல்லை நம்பி இன்னும் சிலர் முப்பது சொல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆப்பிளின் இப்போதைய பட்டியலில் அந்தக் குறிச்சொல்லே இல்லை. அந்த நேரத்தில் ஒரு டீ குடிக்கலாம்.

ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் நிஜம். எங்கள் கேட்பவர்களில் பலர் `kootu patta` என்றுதான் தட்டுவார்கள். போனில் தமிழ் விசைப்பலகை இருந்தாலும் கை அங்கேதான் போகும். அதற்காகக் குறிப்பின் கடைசியில் ஒரே ஒரு வரியை ஆங்கில எழுத்தில் எழுதுகிறேன், எபிசோடில் உண்மையிலேயே பேசிய மூன்று விஷயங்களுக்கு மட்டும். ஒரு வரி, அதற்கு மேல் இல்லை.

இப்போது குறிப்பு. பழைய பதினான்காம் எபிசோடின் குறிப்பு இப்படித் தொடங்கியது:

"வணக்கம் நண்பர்களே! மீண்டும் ஒரு சுவாரசியமான எபிசோடில் உங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி. இந்த வாரம் மாமா தன் அனுபவத்திலிருந்து ஒரு மறக்க முடியாத சம்பவத்தைப் பகிர்ந்துகொள்கிறார். எங்களைப் பின்தொடர…"

பின்தொடர வேண்டிய முகவரிகள் ஆறு. எபிசோட் எதைப் பற்றியது என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. இதே குறிப்பை எந்த எபிசோடுக்கு மாற்றி வைத்தாலும் பொருந்தும். பட்டியலில் தலைப்புக்குக் கீழே தெரிவது முதல் இரண்டு வரிதான், அதை நான் வணக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் கொடுத்திருந்தேன். இப்போது இருப்பது:

"பட்டா கூட்டு, அதாவது அண்ணன் தம்பி எல்லோர் பெயரும் ஒன்றாக இருந்தால், அதைத் தனித்தனியாகப் பிரிக்க என்னென்ன காகிதம் வேண்டும்? வாரிசுச் சான்றிதழ், பாகப் பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு அளவை என்ற மூன்று படிகளையும், மூன்றாவது படியில் ஏன் பலருடைய மனு திரும்பி வருகிறது என்பதையும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் சொல்கிறார். மஞ்சள் பையோடு வந்த ஒரு மூத்த அண்ணனின் கதையோடு."

தலைப்பில் இடம் கிடைக்காத சொற்கள் குறிப்பில் வந்துவிட்டன. வாரிசுச் சான்றிதழைத் தேடி வருபவருக்கும் இந்த எபிசோடில் விடை இருக்கிறது, ஆனால் தலைப்பில் அவருக்கு இடமில்லை. அவருக்கான கதவு இந்த வாக்கியம். அரசு ஆவணங்களில் "பட்டா மாறுதல்" என்றிருக்கும், மக்கள் "பட்டா பெயர் மாற்றம்" என்பார்கள். ஒன்றைத் தலைப்பில் வைத்தால் மற்றதைக் குறிப்பில் வைத்துவிடுவேன்.

இதற்குக் கீழே நேரக் குறிகள். `04:10` வாரிசுச் சான்றிதழ் யாரிடம் வாங்குவது, `11:35` பாகப் பிரிவினைப் பத்திரம், இப்படி. ஸ்பாட்டிஃபையில் இவை தட்டினால் அந்த இடத்துக்கே போகும் இணைப்பாகிவிடும். யூடியூபில் அத்தியாயங்களாக வேண்டுமென்றால் முதல் குறி `00:00` ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும். நான் முதலில் `00:00` போடாமல் விட்டு, ஏன் அத்தியாயம் வரவில்லை என்று இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். முகவரிகள் ஆறும் கடைசியில் இரண்டாகச் சுருங்கின: எங்கள் தளத்தில் அந்த எபிசோடின் பக்கம், பட்டா விவரம் பார்க்கும் `eservices.tn.gov.in`. கேட்டு முடித்தவருக்கு அடுத்துத் தேவைப்படுவது அதுதான்.

நீளத்தில் தமிழுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. நிகழ்ச்சி விளக்கத்துக்கு ஆப்பிள் வைத்திருக்கும் எல்லை 4000 பைட். நான் அதை 4000 எழுத்து என்று படித்துவிட்டு, மாமாவின் வாழ்க்கை வரலாற்றையே எழுதி வைத்திருந்தேன். பிற்பாதி காணாமல் போனது. முனையத்தில் ஒரு வரி போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது:

```
$ printf 'பட்டா' | wc -m
5
$ printf 'பட்டா' | wc -c
15
```

நம் கண்ணுக்குப் பட்டா மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி: ப, ட, புள்ளி, ட, கால். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆகப் பதினைந்து. ஆங்கிலக்காரருக்கு 4000 பைட்டில் அறுநூறு சொல்லுக்கு மேல் அடங்கும். நமக்கு நூற்றைம்பது தேறினால் பெரிது. அதனால் எதை எழுதினாலும் `wc -c` பார்த்த பிறகுதான் ஒட்டுகிறேன். வெட்டினாலும் கவலைப்படாதபடி, முக்கியமானதை முதலில் எழுதுவது இன்னும் நல்லது.

பதினான்காம் எபிசோட் பிடித்துப்போய், அதே சூட்டில் ஒரே ராத்திரியில் முப்பத்தொரு எபிசோடுகளின் தலைப்பையும் மாற்றினேன். இங்கேதான் பெரிய பள்ளம். எங்கள் ஃபீடை நானே எழுதிய ஒரு சின்ன நிரல் உருவாக்குகிறது. அது தலைப்பிலிருந்து பக்கத்தின் முகவரியை உருவாக்கும், அந்த முகவரியின் கடைசித் துண்டையே எபிசோடின் `guid` ஆகவும் போடும். செயலிகள் ஒரு எபிசோடை அடையாளம் காண்பது இந்த `guid`ஐ வைத்துத்தான். தலைப்பு மாறியது, முகவரி மாறியது, `guid` மாறியது. காலையில் எழுந்தால் எங்களைப் பின்தொடர்கிற எல்லோர் போனிலும் முப்பத்தொரு "புதிய" எபிசோடுகள். வாட்ஸ்அப்பில் சித்தி கேட்கிறார், "என்னடா, மாமா ராத்திரி பூரா தூங்காம பேசினாரா?"

தலைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். `guid` ஒரு முறை வைத்தால் வைத்ததுதான். பழைய ஃபீடின் பிரதி ஒன்று கையில் இருந்ததால் தப்பித்தேன். அதிலிருந்து பழைய அடையாளங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினேன். பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு 301 திருப்பிவிடலும் போட்டேன், இல்லையென்றால் கூகுள் அதுவரை தெரிந்து வைத்திருந்த பக்கமெல்லாம் வெறும் சுவராகிவிடும். சில செயலிகளில் எபிசோடுகள் வெகுநாள் இரட்டையாகவே நின்றன. இப்போது பதினான்கு இப்படி இருக்கிறது:

```xml
<item>
  <title>கூட்டுப் பட்டா: அண்ணன் தம்பி தனிப் பட்டா வாங்குவது எப்படி?</title>
  <itunes:episode>14</itunes:episode>
  <guid isPermaLink="false">manjal-pai</guid>
</item>
```

பழைய அடையாளம் அப்படியே. மஞ்சள் பை கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான், யார் கண்ணுக்கும் தெரியாமல். இனி வரும் எபிசோடுகளுக்குத் தலைப்போடு சம்பந்தமே இல்லாத வெறும் எண் வைக்கிறேன். ஹோஸ்டிங் நிறுவனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி வராது, அவர்களே `guid`ஐப் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் முப்பதை மாற்றும் முன் ஒன்றை மட்டும் மாற்றி, ஃபீடில் `guid` அசையவில்லை என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

இதனால் எவ்வளவு பேர் கூடினார்கள் என்று கேட்பீர்கள். தலைப்பு, குறிப்பு, பக்கம் மூன்றையும் சேர்த்து மாற்றியவன் நான். இடையில் மாமா ஒரு உள்ளூர்க் கூட்டத்தில் வேறு பேசினார். எது எதனால் என்று பிரித்துச் சொன்னால் பொய்யாகிவிடும். கண்ணால் பார்க்க முடிந்தது ஒன்றுதான்: கூகுள் சர்ச் கன்சோல். நம் தளத்தின் பக்கம் எந்தெந்தத் தேடலுக்குத் தோன்றியது என்று அங்கே சொற்களாகவே இருக்கும். ஆனால் ஆப்பிள், ஸ்பாட்டிஃபை பக்கங்கள் நம்முடையவை இல்லை, அவற்றின் கணக்கு அதில் வராது. மிக அரிதாகக் கேட்கப்படும் தேடல்களையும் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். மீதி இருப்பதே போதும். பழைய தலைப்பு இருந்தபோது பதினான்காம் பக்கத்துக்குத் தேடல் சொல் ஒன்றுமே இல்லை. இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது, எழுத்துப் பிழைகளோடு.

மாதத்துக்கு ஒருமுறை அதை அச்செடுத்து மாமாவிடம் கொடுப்பேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையில் வைத்து, மனு பார்ப்பது போலவே பார்ப்பார். போன மாதம் ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது. "பட்டா பிரிக்க அண்ணன் கையெழுத்து போடல".

"இவனுக்கு நாம பதில் சொல்லலையேடா."

பதினான்காம் எபிசோடை மறுபடி ஓடவிட்டுக் கேட்டோம். உண்மைதான். அண்ணன் தம்பி ஒத்துப்போனால் என்ன செய்வது என்று மாமா இருபத்தைந்து நிமிடம் பேசியிருக்கிறார். ஒத்துப்போகாவிட்டால் என்ன என்பதற்கு அரை நிமிடம். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். தலைப்பை அவரே வைத்துவிட்டார்: "பாகப் பிரிவினை: அண்ணன் கையெழுத்துப் போடாவிட்டால்?" அம்மா எட்டிப் பார்த்து ஒற்று சரியாக இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை பதிவு.